கடலைப் பார்த்த சுவர்

பிப்ரவரி 13, 2025, வியாழன் – தேவகோட்டை

செட்டிநாட்டில் ஒரு கடலோர வீட்டில் மூன்று நாள் தங்கப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். காரைக்குடியில் ஏது கடல் என்றார்கள். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. நண்பனிடம் கேட்டபோது அவன் பழைய எல்லைக் கணக்கைச் சொன்னான். வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, மேற்கே பிரான்மலை, கிழக்கே கடல். கிழக்கு எல்லை கடல்தான், அதை எல்லாரும் மறந்துவிட்டோம் என்றான். தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகத் தொண்டிக்கு ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை.

நானும் அவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தோம். நான் இயற்பியல், அவன் வரலாறு. அவனுடைய ஐயா பர்மாவிலிருந்து திரும்பி வந்த பிறகு, 1958ல், தொண்டிக்குத் தெற்கே கடற்கரையில் ஒரு சின்ன வீடு கட்டினார். காற்று வாங்கப் போகிற வீடு. நான்கு வருடத்துக்கு முன்னால் அதற்கு வெளிப்பக்கம் முழுக்க பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தார்கள். தொண்ணூறாயிரம் ரூபாய் செலவு. ஏழு வருடத்துக்குக் கவலை இல்லை என்று சொல்லி அடித்தார்களாம். இரண்டாவது வருடமே கொப்பளித்து, இப்போது தோல் உரிந்து தொங்குகிறது. அதைப் பார்த்து முடிவு சொல்ல ஒரு கொத்தனார் வருகிறார், நீயும் வா, மீன் சாப்பிடலாம் என்று கூப்பிட்டான். மீன் என்ற ஒரு சொல்லுக்காகத்தான் வந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மதியம் ஆச்சி வீட்டில் சாப்பாடு. நண்பனின் அம்மா, எண்பது தாண்டிவிட்டார். இலையில் மண்டி, உப்புக்கறி, கோழிக் குழம்பு, கடைசியில் பால் பணியாரம். "தம்பி, கூச்சப்பட்டா வகுறு நம்மதுதான் காயும்" என்று இரண்டாவது தடவை சோறு வைத்தார். வீட்டில் ஆள் நடமாட்டம் குறைவு. தைப்பூசம் முடிந்து இரண்டு நாள்தான் ஆகிறது, பழனிக்கு நடைபோன உறவினர்கள் இன்னும் திரும்பவில்லை.

சாப்பிட்ட பிறகு வளவுத் தூணை ஒட்டிய சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மதியம் இரண்டு மணி வெயிலில் கை சில்லென்று இருந்தது. சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு என்று அரைத்துத் தேய்த்துத் தேய்த்து மினுக்கிய சுவர். தடவினால் கையில் ஒரு துளி தூள் ஒட்டவில்லை. நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது என்றான் நண்பன்.

"இதே கைதானே அங்கயும் கட்டுச்சு. அது மட்டும் ஏன் இப்படிக் கிடக்கு?" என்று ஆச்சி கேட்டார். நாற்பது கிலோமீட்டர்தான் வித்தியாசம். எனக்குப் பதில் தெரியவில்லை. உப்புக் காற்று ஆச்சி, என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவைத்தேன். ஆச்சி அதை நம்பியதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி – கடற்கரை

பத்தரை மணிக்கு வந்து சேர்ந்தோம். முதல் வேலையே கோணலாயிற்று. பூட்டு திறக்கவில்லை. பொங்கலுக்கு முன்னால் மாட்டிய பூட்டு துரு ஏறி ஒரே கட்டியாக இருந்தது. சாவி உள்ளே போய்ப் பாதியில் நின்றுவிட்டது. தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் ஊற்றி முக்கால் மணி நேரம் போராடி, கடைசியில் பக்கத்துக் குடிசையிலிருந்து ஒரு அக்கா அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்றே அடி. இவர்தான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். கணவர் நண்டு வலைக்குப் போகிறார்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டுக் கூரை, முன்னால் நீளத் திண்ணை, நான்கு தூண், பர்மா தேக்கில் ஜன்னல்கள். பெயின்ட் ஒரு காலத்தில் வெளிர்நீலமாக இருந்திருக்கிறது. இப்போது சில இடத்தில் நீலம், சில இடத்தில் அதற்கு அடியிலிருந்த மஞ்சள், சில இடத்தில் செங்கல். ஜன்னல் மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, சாம்பல் நிறமாகிவிட்டது, அவ்வளவுதான். ஜன்னல் கம்பிகள்தான் பாவம். கட்டைவிரல் தடிமனுக்கு உப்பி, ஏடு ஏடாக உரிந்து, நடுவில் பென்சில் அளவுக்கு இரும்பு மிச்சம். திண்ணையில் பதித்த ஆத்தங்குடிக் கற்கள் மினுமினுப்பு போய் வெள்ளை படர்ந்து கிடந்தன. கடல் எண்பது தப்படி தூரம். அலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பாக் நீரிணையின் இந்தப் பக்கம் ஆழம் குறைவு. முழங்கால் அளவு தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். ஆனால் வாடைக் காற்று இன்னும் ஓயவில்லை, அதனால் நீர் முழுக்கக் குட்டி குட்டியாகக் குதித்துக்கொண்டிருந்தது. கரையெல்லாம் ஒதுங்கிய கடற்புல், அழுகின வாடை.

வெளிச்சம்தான் எனக்குப் புதிது. திருப்பூர்க்காரனுக்கு வெயில் புதிதில்லை. இங்கே வெயில் கீழேயிருந்தும் வருகிறது. திண்ணையில் நிழலில் உட்கார்ந்திருக்கிறேன், ஆனாலும் கண்ணைத் திறக்க முடியவில்லை. கைபேசியில் எடுத்த பத்துப் படத்தில் எட்டு வெளுத்துப் போய்விட்டன.

மதியம் தொண்டிக்குள் போய் மீன் சாப்பாடு. 160 ரூபாய். நகரை மீன் குழம்பு, ஊளி வறுவல் தனியாக 120. குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல், வறுவல் அற்புதம். கடைக்கார பாயிடம் காற்று எப்போது நிற்கும் என்று கேட்டேன். "எந்தக் காத்து?" என்று திருப்பிக் கேட்டார். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான். "கச்சான் கரையிலேருந்து அடிக்கும், அது வீட்டுக்கு ஒண்ணும் செய்யாது. வாடையும் கொண்டலும் கடல்லேருந்து வருது பாருங்க, அதான் உங்க சுவத்தத் திங்குது." பணம் கொடுக்கும்போது சில்லறை இல்லை என்று ஐந்து ரூபாயை விட்டுக்கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டைச் சுற்றி நடந்தேன். வேலிக்கு வெளியே உகாய்ச் செடிகளும் சங்கஞ்செடிகளும் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்து, கடல் பக்கம் தரையோடு தரையாகத் தொடங்கி, கரைப் பக்கம் போகப் போக உயர்ந்து, சாய்ப்புக் கூரை போல நிற்கின்றன. காற்று இப்படி வளைத்துவிட்டதே என்று சொன்னேன். அக்கா சிரித்தார்.

"காத்து வளைக்கல சார். கிட்ட வந்து பாருங்க."

கிட்டப் போய்ப் பார்த்தேன். கிளைகள் வளையவே இல்லை. கடல் பக்கத்துக் கிளைகளின் நுனியெல்லாம் காய்ந்து சுள்ளியாக நின்றன. கரைப் பக்கத்தில் மட்டும் பச்சைத் தளிர். கடலிலிருந்து வரும் உப்புத் துளி முதலில் படுகிற பக்கத்துத் தளிர் கருகிவிடுகிறது. மறு பக்கத்துத் தளிர் தப்பிக்கிறது. வருடா வருடம் இப்படியே நடந்தால் செடி ஒரு பக்கமாகத்தானே வளரும்? தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது வளைந்த மாதிரி தெரிகிறது. சுற்றுச்சுவருக்கு உட்பக்கம், சுவரின் மறைவில் நிற்கும் அதே சங்கஞ்செடி நேராக இருந்தது. ஆனால் சுவரின் உயரத்தைத் தாண்டிய இடத்தில் வெட்டிவிட்ட மாதிரி நின்றுவிட்டது. முப்பது வருடம் பாடம் நடத்தியும் காற்றுதான் வளைக்கிறது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 15, சனி – சுவர்

கொத்தனார் நேற்று ராத்திரியே வந்துவிட்டார். காரைக்குடிப் பக்கம். தாத்தா காலத்திலிருந்து சுண்ணாம்பு வேலை. இரண்டு பிளாஸ்டிக் வாளியில், வீட்டில் தண்ணீருக்குள் ஒரு மாதமாக ஊறின சுண்ணாம்பைக் கொண்டுவந்திருந்தார். மேலே இரண்டு விரற்கடைத் தண்ணீர், அடியில் வெண்ணெய் மாதிரி இருந்தது. காலையில் எழுப்பினார்.

"வாத்தியாரய்யா, சுவரு பாக்கணும்னா இப்பப் பாக்கணும். ஏழரைக்கு மேல ஒண்ணும் தெரியாது."

ஆறரை தாண்டிச் சூரியன் கடலுக்கு மேலே வந்தது. அப்போது நடந்ததை வாழ்நாளில் மறக்கமாட்டேன். சூரியன் தொடுவானத்தை ஒட்டி இருக்கும்போது நீர்ப்பரப்பு அதன் ஒளியில் பாதிக்கு மேல் திருப்பி எறிகிறது. அதே சூரியன் உச்சிக்கு வந்தால் நூற்றில் இரண்டு மூன்று பங்குதான் திரும்பும், மிச்சமெல்லாம் நீருக்குள் போய்விடும். இதைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன்! இங்கே அது திண்ணைக் கூரையின் அடியில் ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டுக்கும் கைமரத்துக்கும் கீழே, எப்போதும் இருட்டாக இருக்கிற இடத்தில், வெளிச்ச வலை விரிந்து சுருங்கியது. கடலில் ஒவ்வொரு சின்ன அலையும் ஒரு வளைந்த கண்ணாடி.

சுவரிலும் அந்த ஒளி பக்கவாட்டில் விழுந்தது. ஒவ்வொரு கொப்புளத்துக்கும் ஒரு நிழல். நேற்று மதியம் ஒழுங்காகத் தெரிந்த இடத்தில்கூட நாணயம் அளவு கொப்புளங்கள் நூற்றுக்கணக்கில். கொத்தனார் கையில் கரித்துண்டு வைத்துக்கொண்டு வேகவேகமாக வட்டம் போட்டார்.

அப்போதுதான் விசித்திரமான ஒன்றைக் கவனித்தேன். மழையும் வெயிலும் நேராகப் படுகிற கைப்பிடிச் சுவரில் பெயின்ட் வெளுத்திருக்கிறது, தேய்த்தால் கையில் மாவு ஒட்டுகிறது, ஆனால் உரியவில்லை. மழையே படாத இடத்தில், தாழ்வாரத்துக்கு அடியில், ஜன்னல் மேல் நீட்டிய பலகைக்குக் கீழே, அங்கேதான் மோசமாக உரிந்திருக்கிறது. பாதுகாப்பான இடம் ஏன் முதலில் கெடுகிறது?

"மழ படுற எடத்துல உப்பக் கழுவி விட்டுரும். மறைவுல யாரு கழுவுறது? சேந்துக்கிட்டே இருக்கும்" என்றார் கொத்தனார்.

பிறகு சுவரைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். விரல் முட்டியால் தட்டச் சொன்னார். நல்ல பூச்சு கணீரென்று சொல்லும். விட்டுப்போன பூச்சு டொக்கென்று பானை மாதிரி சொல்லும். தரையிலிருந்து ஏறுகிற ஓதம் என்றால் மூன்றடி உயரத்தில் கோடு போட்டது போல நின்றுவிடும், எல்லா அறையிலும் அதே உயரம் இருக்கும். இங்கே அப்படி இல்லை. சேதம் மேலே இருக்கிறது, கிழக்குச் சுவரில் மட்டும் இருக்கிறது. மேற்குச் சுவர் அதே பெயின்ட், அதே வருடம், கிட்டத்தட்ட புதிதாக நிற்கிறது. ஆக, கடலிலிருந்து வந்த உப்புதான். அதுவரை எனக்குப் புரிந்தது.

ஒரு கொப்புளத்தைக் கரண்டியால் குத்தினார். பெயின்ட் ரப்பர் தோல் மாதிரி இழுபட்டு வந்தது. உள்ளே பஞ்சு போல வெள்ளைத் தூள். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். சுத்தமான கறியுப்பு. தோலோடு சேர்ந்து கால் அங்குலத்துக்குப் பூச்சும் உதிர்ந்தது.

இதன் வேலை எப்படி என்று நான் சொன்னேன், என் பங்குக்கு. ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான், அதற்குத்தான் அரிசி போட்டு வைக்கிறோம். கடற்கரையில் ராத்திரிதோறும் ஈரம் அந்த அளவைத் தாண்டும். பகலில் காற்று காய்ந்ததும் உப்பு மறுபடி கட்டியாகும். சுவரின் துளைக்குள் கட்டியாகும்போது இடம் போதாமல் சுற்றியுள்ள சாந்தைத் தள்ளும். ஒரு நாளைக்கு ஒரு தள்ளு. வருடத்துக்கு எத்தனை என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சுண்ணாம்பு மட்டும் அடித்த சுவரில் உப்பு ஈரத்தோடு வெளியே வந்து மேல்பரப்பில் பூக்கும். துடைத்தால் போகும், சுண்ணாம்பும் கொஞ்சம் உதிரும். பிளாஸ்டிக் பெயின்ட் ஈரத்தை வெளியே விடாது. அதனால் கட்டி தட்டுவது தோலுக்குப் பின்னால் நடக்கிறது.

கொத்தனார் தலையாட்டினார். ஆனால் அவருக்கு ஒரு குறை. "மேல அடிச்ச உப்பு மேலதான இருக்கணும்? பெயின்டுக்கு உள்ள இவ்வளவு எப்பிடிப் போச்சு? வெறும் நாலு வருசத்துல?"

நல்ல கேள்வி. எனக்கு விடை இல்லை. அக்காதான் சொன்னார், நண்டு உடைத்துக்கொண்டே, ஏதோ பேச்சுக்குச் சொல்வது போல. பெயின்ட் அடிக்க வந்தவர்கள் இரண்டு நாள் சுவரை நன்றாகக் கழுவினார்களாம். தூசி இருக்கக் கூடாது என்று பைப் வைத்து அடித்தார்களாம்.

"எந்தத் தண்ணியில?" என்றார் கொத்தனார்.

"நம்ம கிணத்துத் தண்ணிதான்."

அந்தக் கிணறு கடலுக்கு நூறு தப்படியில் இருக்கிறது. அதில் குளிக்கலாம், சோப்பு நுரைக்காது. குடிக்க முடியாது, குடிக்க கேன் தண்ணீர்தான், 35 ரூபாய். இரண்டு தட்டில் ஒரு டம்ளர் கிணற்று நீரும் ஒரு டம்ளர் கேன் நீரும் ஊற்றி வெயிலில் வைத்தேன். நாலு மணிக்குள் காய்ந்துவிட்டது. கேன் தட்டில் மங்கலாக ஒரு வளையம். கிணற்றுத் தட்டில் விரலால் வழித்தெடுக்கிற அளவு உப்பு. சுவரில் மேலோடு இருந்த உப்பைக் கரைத்து உள்ளே அனுப்பி, கூடவே கிணற்று உப்பையும் ஊட்டி, அது காய்வதற்குள் வாயைத் தைத்த மாதிரி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அக்கறையாகச் செய்த வேலைதான் சுவரைக் கெடுத்திருக்கிறது. மேற்குச் சுவரை அவ்வளவாகக் கழுவவில்லையாம். தூசி தெரியவில்லை என்று விட்டுவிட்டார்களாம்.

ராத்திரி நண்டு ரசம், இடியாப்பம். முகத்தைக் கழுவும்போது தாடைக்கு அடியில் எரிந்தது. நாள் முழுக்கத் தொப்பி போட்டிருந்தேன். மேலேயிருந்து வந்த வெயிலுக்குத் தொப்பி சரி, மணலிலிருந்தும் கடலிலிருந்தும் எகிறி வந்ததற்கு என்ன செய்வது? கழுத்தும் மூக்கின் அடிப்பக்கமும் மிளகாய்ப் பழம். நண்பன் சிரித்துவிட்டுத் தயிர் கொண்டுவந்து தடவினான்.

பிப்ரவரி 16, ஞாயிறு – சுண்ணாம்பு

காலையில் டீ 12 ரூபாய், கூட ஒரு சுழியம். காற்று குறைவு. நேற்று முழுக்க இரண்டு ஆள் வைத்துக் கிழக்குச் சுவரிலும் வடக்குச் சுவரிலும் ஒவ்வொரு பகுதியைச் சுரண்டி எடுத்திருந்தார் கொத்தனார். சுரண்டும்போது கீழே தார்ப்பாய் விரித்து, விழுந்த தூளையெல்லாம் அள்ளித் தூரக் கொட்டினார். இல்லையென்றால் அடுத்த மழையில் அந்த உப்பு அடிச்சுவருக்குள்ளேயே ஏறிவிடுமாம். ஈரத் துணி கூடாது, காய்ந்த தென்னந்துடைப்பம் மட்டும்.

இன்று சோதனைக்கு இரண்டு இடம் அடிப்பதாகத் திட்டம். பதம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். சுண்ணாம்பு வெண்ணெயைக் கேன் தண்ணீரில் கரைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, கொஞ்சம் அரிசிக் கஞ்சி சேர்த்து, விரலை முக்கி எடுக்க வேண்டும். நகம் மங்கலாகத் தெரிய வேண்டும். தெரியவே இல்லை என்றால் கெட்டி, அது காய்ந்ததும் வெடித்து உரியும். அடிக்கும்போது ஒன்றுமே அடிக்காத மாதிரி இருக்கும், காய்ந்த பிறகுதான் வெளுக்கும். அதனால் முதல் கையில் யாரும் திருப்திப்படுவதில்லை. மூன்று கை, ஒவ்வொன்றும் ஒரு நாள் விட்டு. கண் கூசாமலிருக்க நாலு சொட்டு நீலம்.

வடக்குச் சுவரில் நிழலில் ஒரு சதுரம் அவர் அடித்தார். முதலில் நல்ல தண்ணீர் தெளித்து, சுவர் குடிக்கிறவரை காத்திருந்து, அப்புறம் மட்டையை மேலும் கீழும், பிறகு குறுக்கே. கிழக்குச் சுவரைச் சாயங்காலம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. மணி பத்து. வாளி இருக்கிறது, மட்டை இருக்கிறது, சுவர் இருக்கிறது. கேன் தண்ணீர் தீர்ந்திருந்தது. கொஞ்சம்தானே என்று கிணற்றில் ஒரு வாளி இறைத்துச் சுவரை நனைத்தேன். நேற்று முழுக்க அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் பேசினோம் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டீர்கள். உண்மையாகவே வரவில்லை. நேர் வெயிலில் கிழக்குச் சுவரில் நான்கடிக்கு நான்கடி அடித்தேன். அடிக்க அடிக்க வெளுத்தது. பத்து நிமிடத்தில் பளீரென்று இருந்தது. வடக்குச் சுவரில் அவர் அடித்தது இன்னும் சாம்பலாக, ஈரமாக, பரிதாபமாக இருந்தது. எனக்குப் பெருமைகூட வந்தது.

திரும்பி வந்த கொத்தனார் ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து என் சுவரில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். உள்ளங்கை முழுக்க வெள்ளை. சுவரில் ஐந்து விரல் தடம்.

"காஞ்சுருச்சு வாத்தியாரய்யா. இறுகல."

சுண்ணாம்பு உலர்வதால் கெட்டியாவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து மறுபடி கல்லாகிறது. அதற்கு ஈரம் வேண்டும், நேரம் வேண்டும். வெயில் பத்து நிமிடத்தில் ஈரத்தைப் பிடுங்கிவிட்டால் கல்லாகாமல் மாவாகவே நின்றுவிடும். இந்த வேதியியலும் எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்புப் பாடம். கிழக்குச் சுவரை மூன்று மணிக்கு மேல், சூரியன் வீட்டுக்குப் பின்னால் போன பிறகுதான் தொட வேண்டும், கேன் தண்ணீரில்தான் தொட வேண்டும், நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு இரண்டு நாள் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நாலு மணிக்கு அவர் பக்கத்திலேயே வேறொரு சதுரம் அடித்தார். என்னுடையதை அழிக்கவில்லை. "இருக்கட்டும், ஆச்சி பாக்கட்டும்" என்றார். அவமானம்தான், ஆனால் நியாயம்.

கணக்கும் பேசினார்கள். கிழக்குச் சுவரின் பெயின்ட் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். டொக்கென்ற இடமெல்லாம் பூச்சை வெட்டி, சுண்ணாம்புச் சாந்தில் மறுபடி பூச வேண்டும், சிமென்ட் கூடாது. நான்கு இடத்தில் செங்கலின் முகமே பொரிந்துவிட்டது. அதற்குச் சுண்ணாம்பும் உதவாது, கல்லை மாற்றித்தான் ஆக வேண்டும். முதல் வருடம் அடிக்கிற சுண்ணாம்பு உப்போடு சேர்ந்து உதிரும், அது உதிரத்தான் அடிப்பது. ஆகவே ஒவ்வொரு மாசிக்கும் கடல் பக்கம் மட்டும் அடிக்க வேண்டும், ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், நான்கு நாள். நண்பன் முகம் சுருங்கியது. வருடா வருடம் யார் வந்து நிற்பது என்பதுதான் அவன் கவலை. பிள்ளைகள் எல்லாம் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும். பெயின்ட் அடித்ததே ஏழு வருடம் மறந்துவிடலாம் என்பதற்காகத்தானே.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கடலிலிருந்து பெரிய நிலா ஏறியது. பௌர்ணமி போய் நாலு நாள், ஒரு ஓரம் தேய்ந்திருந்தது. திண்ணைக் கூரையடியில் மறுபடி அந்த வலை, இந்த முறை மங்கலாக. யாரும் விளக்குப் போடவில்லை. கழுத்து எரிச்சலில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 17, திங்கள் – கிளம்புகிற நாள்

காலையில் மூன்று சதுரத்தையும் தடவிப் பார்த்தோம். வடக்குச் சுவரில் விரலில் லேசான வெள்ளை. கொத்தனாரின் கிழக்குச் சதுரத்தில் சாக்கு இன்னும் ஈரம், தொட விடவில்லை. என்னுடையதில் மேலோரம் தானாகவே உதிர்ந்து திண்ணையில் கிடந்தது. அதன் கீழ்மூலையில் மெல்லிதாக உப்பு பூத்திருந்தது, ஒரே ராத்திரியில்.

நண்பன் அம்மாவுக்குப் போன் போட்டான். எல்லாம் கேட்டுவிட்டு ஆச்சி, "அப்ப மாசி மாசி அந்தக் கொத்தனாருக்குச் சாப்பாடு போட ஒரு ஆளு வேணும், அம்புட்டுத்தானே" என்றாராம். அக்கா பக்கத்திலேயே நின்றிருந்தார். சம்பளம் எவ்வளவு என்று அவர் கேட்டதும் பேச்சு வேறு திசையில் போனது. நான் பையைக் கட்டப் போய்விட்டேன்.

நண்டு கிலோ 380 என்று வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள், ரயிலில் நாறும் என்று வேண்டாமென்றேன். தேவகோட்டையில் ஆச்சி கட்டித் தந்த மணகோலம் ஒரு டப்பா இருக்கிறது, அது போதும்.

புதுப் பூட்டு ஒன்று தொண்டியில் 240 ரூபாய்க்கு வாங்கியிருந்தோம். பித்தளை. அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பழைய சைக்கிள் டியூபை எடுத்து வந்து, ஒரு சாண் வெட்டி, பூட்டுக்கு எண்ணெய் தடவி, டியூபை அதன் மேல் உறை மாதிரி இழுத்துவிட்டார். அடியில் மட்டும் மூடாமல் விட்டார்.

"அங்கயும் மூடிட்டா?" என்று கேட்டேன்.

"உள்ள ஈரம் போனா வெளிய வரணும்ல சார்" என்றார்.

கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். ஒன்பது மணி, கண் கூசியது.